ஆங்கிலக் கூட்டுச்சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் இடைக்கோடிட்டும் எழுதுதல்: முடிவு செய்யும் முறையும் வகைப்படுத்திய சொற்பட்டியலும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலக் கூட்டுச்சொல் ஒன்றைச் சேர்த்து எழுதுவதா, இடைவெளி விட்டுப் பிரித்து எழுதுவதா, இடையில் கோடு இடுவதா என்பதற்கு முழுமையான விதி இல்லை. எனினும் அது முற்றிலும் எழுதுவோர் விருப்பத்திற்கு விடப்பட்டதும் அன்று. சொல் அந்த இடத்தில் வினையா, பெயரா, பெயரடையா என்பது முதலிலும், அதன் உறுப்புகளின் நீளமும் ஒத்த சொற்களின் வழக்கும் அடுத்தும் முடிவைத் தருகின்றன. இக்கட்டுரை அந்த வரிசையை விளக்கி, 2007இல் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி ஒன்று இடைக்கோடு நீக்கிய சில சொற்களைக் கொண்டு அதன் எல்லையைச் சோதிக்கிறது. இறுதியில் வகைப்படுத்திய சொற்பட்டியல் இடம்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுச்சொல், இடைக்கோடு, சேர்த்தெழுதுதல், பிரித்தெழுதுதல், அசை, சொல்வகை

முன்னுரை

தமிழில் 'மரக்கிளை' என்பதை ஒருவர் இடைவெளி விட்டு 'மரக் கிளை' என எழுதினாலும், ஈற்று மகரம் கெட்டு வல்லினம் மிகுந்திருப்பது அது தொகை என்பதைக் காட்டிவிடுகிறது. ஆங்கில எழுத்தில் இத்தகைய சான்று இல்லை. இரு சொற்கள் அருகருகே நிற்கின்றன; அவற்றுக்கிடையே வெற்றிடம் இருக்கலாம், கோடு இருக்கலாம், எதுவும் இல்லாமலும் போகலாம். ஒலியில் மட்டும் ஒரு சான்று உண்டு. கரும்பலகையைக் குறிக்கும் 'பிளாக்போர்ட்' என்பதில் அழுத்தம் முதல் உறுப்பின்மேல் விழும். கறுப்பு நிறமுடைய ஏதோ ஒரு பலகையைக் குறிக்கும் 'பிளாக் போர்ட்' என்பதில் அழுத்தம் பின்னதன்மேல் விழும்.

இந்த ஓர் இணையை மட்டும் பார்த்தால், சேர்த்து எழுதப்படுவது கூட்டுச்சொல், பிரித்து எழுதப்படுவது சொற்றொடர் என்ற முடிவுக்கு வரத் தோன்றும். அது தவறு. துணி துவைக்கும் இயந்திரமான 'வாஷிங் மெஷின்' என்பதிலும் அழுத்தம் முதல் உறுப்பின்மேல்தான் விழுகிறது, பொருளும் ஒன்றே. எழுத்தில் மட்டும் அது இரு சொல். ஆகவே எழுத்துமுறை கூட்டுச்சொல்லா அன்றா என்பதைக் காட்டும் அளவுகோல் ஆகாது. ஆங்கிலத் தொகைகளைத் தமிழ்த் தொகைகளோடு ஒப்பிடும் ஆய்வில் சேர்த்தெழுதிய வடிவங்களை மட்டும் தரவாகத் தொகுத்தால், தரவில் குறுகிய சொற்களே மிகும். நீண்ட கூட்டுச்சொற்கள் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். அதன் காரணம் கீழே விளங்கும்.

எடுத்துக்காட்டுகள் ஒலிபெயர்ப்பாகத் தரப்படுகின்றன. அவற்றில் உள்ள இடைவெளியும் கோடும் ஆங்கில எழுத்தில் உள்ளவாறே அமைந்தவை.

முதற்கேள்வி: இங்கே இது எந்தச் சொல்வகை?

ஒரே சொல்லிணை, சொல்வகை மாறும்போது எழுத்துமுறையும் மாறுவது ஆங்கிலத்தின் இயல்பு. 'கோல்ட் ஷோல்டர்' என்பது ஒருவரைப் புறக்கணிக்கும் நடத்தையைக் குறிக்கும் பெயராக இருக்கும்போது பிரிந்து நிற்கும். அதையே வினையாக்கினால் 'கோல்ட்-ஷோல்டர்' எனக் கோடு வந்துவிடும். 'ஏர் கண்டிஷனர்' என்னும் பெயரில் இடைவெளி. 'ஏர்-கண்டிஷன்' என்னும் வினையில் கோடு. உலர்சலவை செய்தலைக் குறிக்கும் 'டிரை-கிளீன்', கரண்டியால் ஊட்டுதலைக் குறிக்கும் 'ஸ்பூன்-ஃபீட்' ஆகியவையும் இவ்வாறே. வினைக்குக் கால விகுதி ஏறவேண்டும்; இரு உறுப்புகளும் ஒரே வினை என்பதைக் கோடு காட்டாவிடில் படிப்பவர் முதல் உறுப்பைத் தனிப்பெயராகக் கொண்டு தடுமாறுவார். ஆயினும் பெயரே முன்பு சேர்ந்து வழங்கியிருந்தால், அதிலிருந்து பிறந்த வினையும் சேர்ந்தே நிற்கும்: 'ஹேண்ட்கஃப்' விலங்கையும் விலங்கிடுதலையும் ஒரே வடிவில் குறிக்கிறது.

பெயரடைகளிலும் கோடே பெரும்பான்மை: 'லெஃப்ட்-ஹேண்டட்', 'ஓல்ட்-ஃபேஷன்ட்', 'டியூட்டி-ஃப்ரீ'. இவற்றுள் சில ஈறுகள் மட்டும் தனி வழக்கம் கொண்டவை. நோய் அல்லது ஏக்கம் குறிக்கும் 'சிக்' ('ஹோம்சிக்', 'சீசிக்'), தடுப்பைக் குறிக்கும் 'புரூஃப்' ('வாட்டர்புரூஃப்'), பரப்பைக் குறிக்கும் 'வைட்' ('நேஷன்வைட்') ஆகியவை முன்சொல்லோடு ஒட்டியே வரும்.

இங்கு நிலையான கூட்டுச்சொல்லையும், ஒரு வாக்கியத்திற்காகத் தற்காலிகமாகக் கூடும் அடைத்தொடரையும் பிரித்தறிய வேண்டும். 'வெல்-நோன் ஆத்தர்' எனப் பெயருக்கு முன் வரும்போது கோடு பெறும் தொடர், 'அந்த எழுத்தாளர் நன்கு அறியப்பட்டவர்' என்னும் பொருளில் பயனிலையாக வரும்போது வழக்கமாகக் கோட்டை இழக்கிறது. கோட்டின் வேலை இங்கே பொருள் வரம்பு காட்டுவது. எண்கள் வரும் இடத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். 'டுவென்டி ஃபோர் அவர் ஷிஃப்ட்ஸ்' என்னும் தொடரைக் கோடில்லாமல் எழுதினால் மூன்று பொருள்களுக்கு இடமுண்டு. 'டுவென்டி ஃபோர்-அவர் ஷிஃப்ட்ஸ்' என்றால் நான்கு மணிநேரப் பணிமுறை 20; மொத்தம் 80 மணிநேரம். 'டுவென்டி-ஃபோர் அவர் ஷிஃப்ட்ஸ்' என்றால் ஒரு மணிநேரப் பணிமுறை 24. 'டுவென்டி-ஃபோர்-அவர் ஷிஃப்ட்ஸ்' என்றால் ஒவ்வொன்றும் நாள் முழுவதும் நீளும் பணிமுறைகள். எத்தனை என்பது சொல்லப்படவில்லை. ஊதியக் கணக்கில் இம்மூன்றும் ஒன்றாகா.

இதே காரணத்தால், மயக்கத்திற்கு இடமில்லாதபோது கோடு தேவையில்லை. 'லி' என முடியும் வினையடை, அடுத்து வரும் பெயரடையைத்தான் தழுவ முடியும். ஆதலால் 'நியூலி மேரிட் கப்பிள்' என்பதில் கோடு இடுவதில்லை. முனைவர்பட்ட ஆய்வேடுகளின் ஆங்கிலச் சுருக்கங்களில் இவ்விடத்தில் கோடு இடப்படுவதுண்டு; நல்ல திருத்துநர் அதை நீக்கிவிடுவார்.

வினையும் துணைச்சொல்லும் சேர்ந்தவை

கணினித் திரையில் நாள்தோறும் காணும் `log in`, `login` ஆகிய இரண்டும் இப்பகுதிக்கு ஏற்ற எடுத்துக்காட்டு. உள்நுழையுமாறு பயனரை ஏவும் இடத்தில் அது வினை. உள்நுழைவுப் பக்கம், உள்நுழைவுப் பெயர் என்னும் இடங்களில் அது பெயர். வினையா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: கால விகுதியை ஏற்றிப் பார்க்க வேண்டும். இறந்தகாலத்தில் `logged in` என்றே வரும். விகுதி முதல் உறுப்பில் ஏறி, துணைச்சொல் தனித்து நிற்கிறது. நடுவில் 'என்னை' என்னும் சொல்லை இட்டு `log me in` என்றும் கூறலாம். விகுதியும் வேறு சொல்லும் நடுவில் புகும் இடத்தில் எழுத்தும் பிரிந்தே இருக்க வேண்டும். ஆதலால் வினை எப்போதும் இரு சொல். இதற்குக் கோடும் வாராது. பெயரில் எதுவும் நடுவே புகாது. பன்மை விகுதியும் கடைசியிலேயே ஏறி `logins` ஆகும்.

பெயராகும்போது கோடா, சேர்த்தலா என்பது துணைச்சொல்லின் நீளத்தைப் பெரிதும் பொறுத்தது. 'அவுட்', 'டவுன்', 'பேக்', 'ஓவர்', 'த்ரூ' போன்று மூன்றோ அதற்கு மேலோ எழுத்து உடையவை ஒட்டிக்கொள்கின்றன: 'லேஅவுட்', 'பிரேக்டவுன்', 'ஃபீட்பேக்', 'டேக்ஓவர்', 'பிரேக்த்ரூ'. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து உடைய 'இன்', 'ஆன்', 'அப்', 'பை' ஆகியவை கோட்டை நாடுகின்றன: 'செக்-இன்', 'பிரேக்-இன்', 'ஆட்-ஆன்', 'குளோஸ்-அப்', 'ரன்னர்-அப்'. காரணம் கண்ணுக்குரியது. சிறிய துணைச்சொல் ஒட்டிக்கொண்டால் முன்சொல்லின் விகுதிபோலத் தோன்றி, எங்கே பிரிப்பது என்று தெரியாமற்போகும். 'செக்-இன்' என்பதைச் சேர்த்தெழுதினால் படிப்பவர் கண் கடைசி மூன்று எழுத்துகளை 'கின்' எனத் தனி அசையாகக் கூட்டிவிடும்.

இதற்கு மாறாக `login`, `backup` என்பவை கோட்டைத் துறந்துவிட்டன. கணினித் துறையில் மிகுதியாகப் புழங்கியதே இதற்குக் காரணம் எனலாம். மிகுந்த பயன்பாடு கோட்டைத் தேய்க்கிறது. ஆங்கிலத்தில் 'இன்று', 'நாளை' என்பவற்றிற்கான சொற்களே ஒருகாலத்தில் 'டு-டே', 'டு-மாரோ' என அச்சிடப்பட்டவைதாம்.

பெயரும் பெயரும் சேர்ந்தவை: நீளமும் சொற்குடும்பமும்

சிக்கல் மிகுந்த பகுதி இதுவே. கிறிஸ்டினா சான்செஸ்-ஸ்டாக்ஹாம்மர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக 2018இல் வெளியிட்ட நூல் இப்பொருளையே முழுமையாக ஆராய்கிறது. பல காரணிகளை ஆராய்ந்து அவர் தரும் வழிகாட்டலின் சாரம் எளியது: கூட்டுப்பெயர் இரண்டு அசை உடையதாயின் சேர்த்து எழுதலாம், மூன்றோ அதற்கு மேலோ ஆயின் பிரித்து எழுதலாம், வினையும் பெயரடையும் கோடு பெறலாம்.

அறைகளின் பெயர்களை எடுத்துக்கொண்டால் இது நன்கு பொருந்துகிறது. 'பெட்ரூம்', 'பாத்ரூம்', 'கிளாஸ்ரூம்' ஆகியவை ஈரசைச் சொற்கள், சேர்ந்தவை. 'டைனிங் ரூம்', 'லிவிங் ரூம்', 'வெயிட்டிங் ரூம்' ஆகியவை மூவசை, பிரிந்தவை. வலிகளின் பெயர்களும் அவ்வாறே. தலைவலியாகிய 'ஹெட்டேக்', பல்வலியாகிய 'டூத்தேக்' சேர்ந்து நிற்க, வயிற்றுவலி பிரித்தானிய வழக்கில் 'ஸ்டமக் ஏக்' எனப் பிரிகிறது. அமெரிக்க மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையும் சேர்த்தே எழுதுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் 'நியூஸ்பேப்பர்', 'வால்பேப்பர்', 'ஷூமேக்கர்', 'டிரெஸ்மேக்கர்', 'ஷேர்ஹோல்டர்' ஆகியவை மூவசை உடையவை. அனைத்தும் சேர்ந்தே வருகின்றன. இவற்றின் பொதுத்தன்மை, முதல் உறுப்பு ஓரசையாக இருத்தல். அதே தலைச்சொற்கள் நீண்ட முதல் உறுப்போடு வரும்போது 'டாய்லெட் பேப்பர்', 'சிகரெட் ஹோல்டர்' எனப் பிரிகின்றன. எனவே ஒரே தலைச்சொல் கொண்ட குடும்பத்திற்குள் ஒப்பிடும்போது, மொத்த அசையைக் காட்டிலும் முதல் உறுப்பின் அசையே நல்ல வழிகாட்டி எனலாம். எழுதுவோர் மனத்தில் இயங்குவது விதியைவிட ஒப்புமைதான். புதிதாக 'ஸ்மார்ட்ஃபோன்' வந்தபோது, முன்பே சேர்ந்து வழங்கிய 'ஹெட்ஃபோன்', 'இயர்ஃபோன்' ஆகியவற்றின் அருகே அதற்கு இடம் ஆயத்தமாக இருந்தது. 'மொபைல் ஃபோன்' பிரிந்தே நிற்கிறது.

ஒரு சோதனை: 2007ஆம் ஆண்டின் மாற்றம்

இவ்விரு வழிகாட்டல்களும் எவ்வளவு தாங்கும் என்பதை அறிய, எளிய சொற்களை விடுத்து ஐயத்திற்குரிய சொற்களைக் கொண்டு சோதிப்பதே முறை. ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் ஆறாம் பதிப்பு 2007இல் வெளிவந்தபோது, ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து இடைக்கோடு நீக்கப்பட்டது. கோட்டை இழந்தவை சில சேர்ந்தன, சில பிரிந்தன. அப்போது செய்திகளில் எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டவற்றுள், சேர்ந்த பெயர்கள் எட்டு: 'பம்பிள்பீ', 'சிக்பீ', 'கிரைபேபி', 'லீப்ஃப்ராக்', 'லாக்ஜாம்', 'லோலைஃப்', 'பிஜன்ஹோல்', 'டச்லைன்'. பிரிந்த பெயர்கள் ஏழு: 'ஃபிக் லீஃப்', 'ஹாபி ஹார்ஸ்', 'ஐஸ் கிரீம்', 'பின் மனி', 'பாட் பெல்லி', 'டெஸ்ட் டியூப்', 'வாட்டர் பெட்'.

இப்பதினைந்தையும் மொத்த அசை விதியால் அளந்தால், சேர்ந்தவற்றுள் 'சிக்பீ', 'லீப்ஃப்ராக்', 'லாக்ஜாம்', 'லோலைஃப்', 'டச்லைன்' ஆகிய ஐந்தும், பிரிந்தவற்றுள் 'ஹாபி ஹார்ஸ்', 'பின் மனி', 'பாட் பெல்லி', 'வாட்டர் பெட்' ஆகிய நான்கும் பொருந்துகின்றன, மொத்தம் 9. முதல் உறுப்பின் அசையால் அளந்தால், சேர்ந்தவற்றுள் 'கிரைபேபி'யும் கூடி ஆறு பொருந்தும், பிரிந்தவற்றுள் 'ஹாபி ஹார்ஸ்', 'வாட்டர் பெட்' ஆகிய இரண்டே பொருந்தும், மொத்தம் 8. இரண்டும் பாதியை ஒட்டியே நிற்கின்றன.

இதனால் விதிகள் பயனற்றவை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கோட்டோடு நெடுங்காலம் நின்ற சொற்கள் இயல்பாகவே இரு புறமும் இழுபட்டவை. விதிக்கு எளிதில் அடங்கியவை முன்பே ஒரு பக்கம் சேர்ந்துவிட்டன. விதி தவறும் சொற்களையும் உற்றுநோக்க வேண்டும். 'ஐஸ் கிரீம்' ஈரசை ஆயினும், பேசுவோர் பலர் இரண்டாம் உறுப்பை அழுத்துகின்றனர். மேலும் சேர்த்தெழுதினால் முதல் உறுப்பின் ஈற்று 'இ' எழுத்து அடுத்த உறுப்போடு கலந்து கண்ணைக் குழப்பும். 'டெஸ்ட் டியூப்' என்பதில் ஒரே எழுத்து இருபுறமும் சந்திக்கிறது. 'பஸ் ஸ்டாப்' என்பதிலும் அவ்வாறே. ஆனால் எழுத்துச் சந்திப்பும் முடிந்த முடிவு அன்று: கணக்கரைக் குறிக்கும் 'புக்கீப்பர்' மூன்று இரட்டை எழுத்துகளை அடுத்தடுத்துச் சுமந்துகொண்டே சேர்ந்து நிற்கிறது.

அகராதியும் தரவும்

நடைமுறையில் முதலில் பார்க்க வேண்டியது அகராதியே. ஒரு கட்டுரைக்கு ஓர் அகராதியைத் தேர்ந்து, அதையே இறுதிவரை பின்பற்ற வேண்டும். 'மேக்-அப்' என ஒரு பக்கத்தில் பிரித்தானிய முறையிலும் 'மேக்அப்' என மறுபக்கத்தில் அமெரிக்க முறையிலும் எழுதுவதே பிழையாகக் கொள்ளப்படும். அகராதியில் இல்லாத சொல்லுக்கும், அகராதிகள் மாறுபடும் சொல்லுக்குமே மேற்கண்ட வரிசை தேவைப்படுகிறது.

வழக்கை நேரடியாக எண்ணிப் பார்க்க விரும்புவோர், தம்மிடமுள்ள உரைக்கோப்பில் மூன்று வடிவங்களையும் ஒரே கட்டளையால் எண்ணலாம்:

```
grep -oiE '\blog[- ]?in\b' text.txt | sort -f | uniq -ci
```

இதில் வரும் எண்களை அப்படியே நம்பலாகாது. பிரிந்த வடிவத்தின் எண்ணிக்கையில் வினைகளும் கலந்திருக்கும். அவற்றை வாக்கியம் பார்த்துக் கழிக்க வேண்டும். அச்சுநூலிலிருந்து எடுத்த உரையாயின், வரியின் இறுதியில் சொல் உடைந்தபோது இடப்பட்ட கோடும் இடைக்கோடாக எண்ணப்பட்டுவிடலாம். கோடு வரியின் நடுவில் வரும் இடங்களை மட்டும் சான்றாகக் கொள்வது பாதுகாப்பானது. நூலின் தலைப்பும் சான்றாகாது. மெல்வில் 1851இல் வெளியிட்ட புதினத்தின் தலைப்பில் 'மோபி-டிக்' எனக் கோடு உண்டு. நூலுக்குள் திமிங்கிலத்தின் பெயர் பெரும்பாலும் கோடின்றியே வருகிறது.

வகைப்படுத்திய சொற்பட்டியல்

*சேர்த்து எழுதுபவை.* முதல் உறுப்பு ஓரசையான பெயர்கள்: பெட்ரூம், கிளாஸ்ரூம், நோட்புக், டூத்பிரஷ், ஹெட்டேக், நியூஸ்பேப்பர், ஷேர்ஹோல்டர். நீண்ட துணைச்சொல் பெற்ற பெயர்கள்: லேஅவுட், பிரேக்டவுன், ஃபீட்பேக், டேக்ஓவர். ஒட்டும் ஈறுடைய பெயரடைகள்: ஹோம்சிக், வாட்டர்புரூஃப், நேஷன்வைட். நீளமிருந்தும் சேர்ந்தவை: பட்டர்ஃபிளை, வாட்டர்மெலன், பிஜன்ஹோல், பெல்லியேக். இவற்றுள் கடைசியானது முணுமுணுத்தலைக் குறிக்கும் வினையாகவும் வழங்குவதால், 'ஸ்டமக் ஏக்' போலப் பிரியவில்லை எனக் கருதலாம்.

*பிரித்து எழுதுபவை.* நீண்ட முதல் உறுப்புடைய பெயர்கள்: டைனிங் ரூம், வாஷிங் மெஷின், டாய்லெட் பேப்பர், மொபைல் ஃபோன். குறுகியும் பிரிந்தவை: ஐஸ் கிரீம், பஸ் ஸ்டாப், ஹை ஸ்கூல், புக் கிளப், டெஸ்ட் டியூப். வினையும் துணைச்சொல்லும்: லாக் இன், செக் இன், பிரேக் டவுன், டேக் ஓவர் ஆகியவை வினையாகும்போது.

*இடைக்கோடு பெறுபவை.* வினைகள்: டிரை-கிளீன், ஸ்பூன்-ஃபீட், கோல்ட்-ஷோல்டர். பெயரடைகள்: லெஃப்ட்-ஹேண்டட், ஓல்ட்-ஃபேஷன்ட், டியூட்டி-ஃப்ரீ. ஈரெழுத்துத் துணைச்சொல் பெற்ற பெயர்கள்: செக்-இன், ஆட்-ஆன், ரன்னர்-அப். தொடரே பெயரானவை: மதர்-இன்-லா, மெரி-கோ-ரவுண்ட், ஃபர்கெட்-மீ-நாட். நம் உம்மைத்தொகையை ஒத்தவை: சிங்கர்-சாங்ரைட்டர், செக்ரட்டரி-டிரெஷரர். 21 முதல் 99 வரையுள்ள எண்ணுப்பெயர்களில் பத்தும் ஒன்றும் கூடியவை: டுவென்டி-ஒன், நைன்ட்டி-நைன்.

*வழக்கு மாறுபடுபவை.* பிரித்தானிய அகராதிகளில் கோடும் அமெரிக்க அகராதிகளில் சேர்த்தலும் மிகுதி: டேக்-ஆஃப், கிக்-ஆஃப், செட்-அப், பாஸர்-பை, ஃபிலிம்-மேக்கர். மூன்று வடிவிலும் காணப்படுவன: பாலிசிமேக்கர், ஹெல்த்கேர். அண்மையில் மாறியவை: அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு 2010இல் 'வெப்சைட்' என்பதையும் 2011இல் 'ஈமெயில்' என்பதையும் சேர்த்தெழுதும் முறைக்கு மாற்றியது. ஆகவே இவ்வகைச் சொற்களைத் தரவாகக் கொள்வோர், வடிவத்தோடு பதிப்பின் ஆண்டையும் குறிப்பது தேவையாகிறது.